முப்பதாம் நாள் இரவில் வந்த ஆர்டர்

*மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு,*

*கிடங்குகளுக்கான எஃகு அடுக்குகள் செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். ஒரு நிறுவனம் 120 அடுக்குகளுக்கு விலை கேட்டது. மார்ச் 3ஆம் தேதியிட்டு விலைப்புள்ளி அனுப்பினேன். ‘30 நாள்கள் செல்லுபடியாகும், நான்கு வாரத்தில் டெலிவரி, பாதித் தொகை முன்பணம், மீதி டெலிவரியின்போது’ என்று எழுதியிருந்தேன். அடியில் சிறிய எழுத்தில் ‘விலைகள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்’ என்றும் இருந்தது.*

*ஏப்ரல் 2ஆம் தேதி இரவு 7.40க்கு அவர்களுடைய கொள்முதல் ஆர்டர் மின்னஞ்சலில் வந்தது. விலை நான் சொன்னதுதான். ஆனால் மூன்று வாரத்தில் டெலிவரி, சரக்கைப் பெற்று 60 நாள் கழித்துப் பணம், தாமதமானால் வாரத்துக்கு ஒரு சதவீதம் பிடித்தம் என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்திட்டு அனுப்ப ஓர் ஒப்புதல் நகலையும் இணைத்திருக்கிறார்கள். ‘ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்று மட்டும் பதில் போட்டேன்.*

*இதற்குள் எஃகுத் தகட்டின் விலை 12 சதவீதம் ஏறிவிட்டது. அடுக்கின் விலை 100 என்றால் அதில் 55 தகட்டுக்கே போகிறது. எனக்கு நிற்பது 10தான். கொட்டேஷன் என்பது உத்தேசம்தானே, விலையை ஏற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன். ‘30 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், கொடுத்தே ஆகவேண்டும்’ என்கிறார் அவர்களுடைய கொள்முதல் மேலாளர். நான் கட்டுப்பட்டவனா? இனி விலைப்புள்ளியை எப்படி எழுதுவது?*

*— பட்டறை உரிமையாளர் ஒருவர்*

அன்புள்ள வாசகருக்கு,

அந்த ஒப்புதல் நகலில் நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். போடாதீர்கள். இந்த ஆர்டருக்கென்று தகடும் வாங்காதீர்கள், வெட்டவும் தொடங்காதீர்கள். இன்றைய நிலையில் நீங்கள் கட்டுப்படவில்லை என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் காரணத்தால் அல்ல. காரணம் தெரியாமல் தப்பித்தால் அடுத்த விலைப்புள்ளியில் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விலைப்புள்ளி வெறும் உத்தேசமா?

‘கொட்டேஷன் என்பது உத்தேசம்தானே’ என்கிறீர்கள். உத்தேச மதிப்பீடு வேறு, விலைப்புள்ளி வேறு. ‘சுமார் இவ்வளவு ஆகலாம்’ என்று வாய்மொழியாகச் சொல்வதோ, அளவும் எண்ணிக்கையும் இல்லாமல் ஒரு விலைப்பட்டியலை அனுப்புவதோ பெரும்பாலும் யாரையும் கட்டுப்படுத்தாது. நீங்கள் அனுப்பியது அப்படிப்பட்டதல்ல. குறிப்பிட்ட ஒருவருக்கு, 120 என்ற எண்ணிக்கையோடு, விலையும் காலக்கெடுவும் பண நிபந்தனையும் சேர்த்துக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒரு முன்மொழிவு. எதிர்த்தரப்பு ‘சரி’ என்று ஒரு சொல் சொன்னால் அந்த நொடியே ஒப்பந்தம் பிறந்துவிடும். தனியாக ஒப்பந்தப் பத்திரம் எழுதி இருவரும் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் என்று பலர் நம்புகிறார்கள். சரக்கு வியாபாரத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் பத்திரமே இல்லாமல்தான் உருவாகின்றன.

ஆகவே கொள்முதல் மேலாளர் சொல்வதில் பாதி உண்மை. ஏப்ரல் 2ஆம் தேதிக்குள் உங்கள் நிபந்தனைகளை அப்படியே ஏற்று ஆர்டர் அனுப்பியிருந்தால், தகடு 12 சதவீதம் ஏறியிருந்தாலும் பழைய விலைக்கே நீங்கள் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

‘விலைகள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும்’ என்ற அடிக்குறிப்பு காப்பாற்றுமே என்று கேட்பீர்கள். மேலே 30 நாள் நிற்கும் என்கிறீர்கள், கீழே எந்த நேரமும் மாறும் என்கிறீர்கள். இரண்டும் ஒரே தாளில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. இப்படி முரண்படும் வாசகத்தை, அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்வது நீதிமன்றங்களில் வழக்கமான அணுகுமுறை. அந்த வரி இருப்பதால் உங்கள் கடிதம் முன்மொழிவே அல்ல என்று வாதாட முடியாமல் இல்லை. ஆனால் அந்த வாதத்தை நம்பி நான் ஒரு கட்சிக்காரரை வழக்குக்குள் இறக்க மாட்டேன்.

இடையில் திரும்பப் பெற்றிருக்க முடியுமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. மார்ச் 20 வாக்கில் தகடு ஏறத் தொடங்கியபோதே ‘என் விலைப்புள்ளியைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இங்கே நாட்டுக்கு நாடு விதி மாறும். ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றும் இடங்களில், காலக்கெடு கொடுத்திருந்தாலும், அதைத் திறந்து வைக்க எதிர்த்தரப்பு தனியாக ஏதும் கொடுக்காத வரை, ஏற்பு வருமுன் திரும்பப் பெறலாம் என்பதே பொது விதி. நாடு கடந்த சரக்கு விற்பனைக்கான 1980ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை (வியன்னா உடன்படிக்கை என்பார்கள்) நேர்மாறாகச் சொல்கிறது. ஏற்புக்கென்று ஒரு காலக்கெடுவைக் குறிப்பிட்டுவிட்டால் அதற்குள் திரும்பப் பெற முடியாது என்பது அதன் 16ஆம் பிரிவு. ‘30 நாள் செல்லும்’ என்ற மூன்று சொற்களை எழுதும்போது, 30 நாளுக்கு எஃகுச் சந்தையின் ஏற்றத்தை உங்கள் தோளில் ஏற்றிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தே எழுதுங்கள்.

அவர்கள் ‘சரி’ என்று சொல்லவே இல்லை

இப்போது அவர்களுடைய ஆர்டருக்கு வருவோம். விலை மட்டும்தான் உங்களுடையது. டெலிவரி நான்கு வாரம் மூன்றாகிவிட்டது. பாதி முன்பணம் மறைந்து 60 நாள் கடனாகிவிட்டது. உங்கள் தாளில் இல்லவே இல்லாத தாமதப் பிடித்தம் ஒன்று புதிதாக நுழைந்திருக்கிறது. இது ஏற்பு அல்ல, எதிர் முன்மொழிவு.

‘சின்னச் சின்ன மாற்றம்தானே’ என்று அவர்கள் சொல்லக்கூடும். வியன்னா உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, முன்மொழிவின் சாரத்தை மாற்றாத சிறு வேறுபாடுகள் இருந்தால், நீங்கள் தாமதமின்றி ஆட்சேபிக்காத வரை அதை ஏற்பாகவே கொள்ளலாம் என்கிறது. ஆனால் எவையெல்லாம் சாரத்தை மாற்றுபவை என்று அதே பிரிவு பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. விலை, பணம் செலுத்தும் முறை, தரம், அளவு, டெலிவரியின் இடமும் நேரமும், பொறுப்பின் எல்லை, தகராறைத் தீர்க்கும் வழி ஆகியவை அதில் உண்டு. உங்களுக்கு வந்த ஆர்டரில் பண நிபந்தனை, டெலிவரி நேரம், பொறுப்பு என்று மூன்றுமே மாறியிருக்கின்றன. பொதுச்சட்ட மரபு இன்னும் கறார்: கண்ணாடியில் தெரியும் உருவம்போல ஏற்பு முன்மொழிவோடு ஒத்திருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இதில் உங்களுக்குப் பயன்படும் இன்னொரு விளைவு உண்டு. எதிர் முன்மொழிவு வந்தவுடன் பழைய முன்மொழிவு செத்துவிடுகிறது. 1840இல் இங்கிலாந்தில் முடிவான ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கு இதற்கு எளிய உதாரணம். ஒரு பண்ணையை 1,000 பவுனுக்கு விற்கிறேன் என்றார் ஒருவர். மற்றவர் 950 தருகிறேன் என்றார். விற்பவர் மறுத்தார். உடனே ‘சரி, 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன்’ என்று வந்தார் வாங்குபவர். ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம். 950 என்ற சொல்லே 1,000ஐ முடித்துவிட்டது. நாளை அந்த மேலாளர் ‘போகட்டும், உங்கள் பழைய நிபந்தனைக்கே வருகிறோம்’ என்றாலும் உங்கள் மார்ச் 3 விலைப்புள்ளி தானாக உயிர்பெறாது.

‘ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்ற உங்கள் பதில்தான் எனக்குச் சற்றுக் கவலை தருகிறது. கிடைத்தது என்பது ஒப்புக்கொண்டேன் என்பதாகாது. ஆனால் அதற்குப் பின் நீங்கள் மௌனமாக இருந்து, தகடு வாங்கி, வேலையைத் தொடங்கினால், எல்லாம் சேர்ந்து ஏற்பாகப் படிக்கப்படும். அவர்களுடைய நிபந்தனைகளின்படி ஏற்பாக.

இது எப்படி நிகழும் என்பதற்கு, விலைப்புள்ளி எழுதும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. 1969 மே மாதம், இங்கிலாந்தில் பட்லர் மெஷின் டூல் என்ற நிறுவனம் ஓர் இயந்திரத்துக்கு 75,535 பவுன் என்று விலைப்புள்ளி கொடுத்தது. பத்து மாதத்தில் டெலிவரி. செலவு ஏறினால் டெலிவரி நாளின் விலையைக் கேட்கலாம் என்ற வாசகமும், எங்கள் நிபந்தனையே மேலோங்கும் என்ற வாசகமும் அதில் இருந்தன. வாங்குபவரின் ஆர்டர் வேறு நிபந்தனைகளோடு வந்தது. விலை ஏற்றத்துக்கு அதில் இடமில்லை. அடியில் கிழித்து அனுப்பும் ஒரு சீட்டு இருந்தது: ‘உங்கள் ஆர்டரை அதிலுள்ள நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்’. விற்பவர் கையெழுத்திட்டு அனுப்பினார். கூடவே ‘எங்கள் விலைப்புள்ளியின்படி’ என்று குறிப்பிட்டு ஒரு கடிதமும் வைத்தார். இயந்திரம் போய்ச் சேர்ந்தபின் 2,892 பவுன் கூடுதலாகக் கேட்டார். 1977இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுக்க வேண்டியதில்லை என்றது. சீட்டில் போட்ட கையெழுத்தே கடைசிச் சொல். விலைப்புள்ளியைக் குறிப்பிட்ட கடிதம் அதை மாற்றவில்லை. உங்கள் மின்னஞ்சலில் இணைப்பாகக் கிடக்கும் ஒப்புதல் நகல் அந்தச் சீட்டுதான். என் நிபந்தனை என் தாளில் அச்சாகியிருக்கிறது, அதுவே செல்லும் என்று யாரும் நினைக்க வேண்டாம். யார் தாளை மற்றவர் கடைசியாக ஒப்புக்கொண்டார் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

நீங்கள் கணக்கில் எடுக்காத இழப்பு

கடிதம் முழுவதும் தகட்டின் விலையைப் பற்றியே கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்க்கலாம். 55இல் 12 சதவீதம் 6.6. உங்களுக்கு நிற்கும் 10இல் அது போனால் 3.4 மிச்சம். அடுக்கு ஒன்றுக்கான செலவு இப்போது 96.6.

முன்பணம் இல்லை, மூன்று வாரம் வேலை, அதன்மேல் 60 நாள் காத்திருப்பு. ஆக 81 நாள் அந்த 96.6ஐ நீங்களே சுமக்க வேண்டும். எளிமைக்காக எல்லாச் செலவும் முதல் நாளே ஆவதாகவும், கடன் வட்டி மாதத்துக்கு ஒரு சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் சுமார் 2.6. மிச்சம் 0.8. நான்கு வார வேலையை மூன்று வாரத்தில் முடிக்க முடியாமல் ஒரே ஒரு வாரம் தாமதமானால் பிடித்தம் 1. அதோடு நஷ்டம் தொடங்கிவிடுகிறது. விலையில் அவர்கள் ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை. விலைக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு வரிகளைத்தான் மாற்றினார்கள்.

அதனால் என் ஆலோசனை: விலையில் வேண்டுமானால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், பண நிபந்தனையில் விடாதீர்கள். இந்த வாடிக்கையாளர் உங்களுக்கு வேண்டும் என்றால், ஏற்றத்தில் ஒரு பகுதியை நீங்கள் சுமந்து 104 என்று கேட்கலாம். முன்பணம் பாதி வந்துவிட்டால் தகட்டின் பெரும்பகுதியை அவர்கள் பணத்திலேயே வாங்கிவிடுகிறீர்கள். மீதியையும் அப்போதே வாங்கிவிட்டால், அதற்குமேல் தகடு ஏறினாலும் உங்களைத் தொடாது.

இன்றே இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் மௌனத்துக்கு ஒரு பொருள் கூடிக்கொண்டே போகும்.

> ‘ஏப்ரல் 2ஆம் தேதி எங்களுக்கு வந்த உங்கள் ஆர்டரில் டெலிவரிக் காலம், பணம் செலுத்தும் முறை, தாமதப் பிடித்தம் ஆகியவை எங்கள் மார்ச் 3ஆம் தேதி விலைப்புள்ளியிலிருந்து மாறுபடுகின்றன. எனவே அந்த ஆர்டரை நாங்கள் ஏற்கவில்லை. ஆர்டர் கிடைத்ததாக அனுப்பிய பதில், அது வந்து சேர்ந்ததை மட்டுமே குறிக்கும். மார்ச் 3ஆம் தேதி விலைப்புள்ளி இப்போது நடைமுறையில் இல்லை. புதிய விலைப்புள்ளியை இத்துடன் இணைத்திருக்கிறோம். அதன்படி உங்கள் ஒப்புதல் எழுத்தில் வந்து, முன்பணம் எங்கள் கணக்கில் சேர்ந்த பின்னரே வேலை தொடங்கும்.’

இதில் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. இரண்டுமே வேண்டாம். தகட்டின் விலை ஏறியதைப் பற்றி இதில் ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். விலை ஏறியதால் பின்வாங்குகிறார் என்று பின்னால் யாரும் காட்டுவதற்கு நீங்களே சாட்சியம் எழுதித் தர வேண்டியதில்லை. அந்தப் பேச்சைத் தொலைபேசியில் மேலாளரிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

இனி எழுதும்போது

முதலில் செல்லுபடிக் காலம். மார்ச் 3லிருந்து 30 நாள் என்றால் எந்த நாள் முடிகிறது? எழுதிய நாளையும் சேர்த்து எண்ணினால் ஏப்ரல் 1. மறுநாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 2. இரவு 7.40க்கு வந்த மின்னஞ்சல், அலுவலகம் மூடியபின் வந்ததா, கெடுவுக்குள் வந்ததா? இந்த முறை நிபந்தனைகளே மாறியிருந்ததால் அந்தச் சர்ச்சைக்குள் நாம் போக வேண்டியிருக்கவில்லை. ஆர்டர் சுத்தமாக வந்திருந்தால் உங்கள் மொத்த வழக்கும் அந்த ஒற்றை நாளில் தொங்கியிருக்கும். ‘30 நாள்கள்’ என்று எழுதாதீர்கள். முடியும் தேதியையும் மணியையும் எழுதுங்கள். ஏற்பு எங்கே, எந்த வழியில் வந்து சேர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பொதுச்சட்ட மரபில், தபாலில் ஏற்பு அனுப்புவது இயல்பாக இருந்தால், பெட்டியில் போட்டவுடனேயே அது செல்லும் என்றொரு விதி உண்டு. ‘எங்களுக்கு வந்து சேர வேண்டும்’ என்ற சொற்கள் அதை அடைத்துவிடும்.

எத்தனை நாள் கொடுப்பது? உங்களுக்குத் தகடு விற்பவர் எத்தனை நாளுக்கு விலையை நிறுத்தி வைக்கிறாரோ, அதைவிடக் குறைவாகக் கொடுங்கள். அவர் 15 நாள் கொடுத்தால் நீங்கள் 12 நாள் கொடுங்கள். இடையிலுள்ள மூன்று நாளில் நீங்கள் தகட்டுக்கு ஆர்டர் போட்டுவிட முடியும். நீண்ட காலம் வேண்டும் என்று வாங்குபவர் வற்புறுத்தினால் அப்போது விலை மாற்ற வாசகம் எழுதலாம். ‘மாறக்கூடும்’ என்று பொத்தாம்பொதுவாக அல்ல, கணக்கோடு. தகட்டின் விலை இன்ன தேதியில், இன்ன விலைப்பட்டியலின்படி இவ்வளவு என்று அடிப்படையைக் குறியுங்கள். 5 சதவீதம் வரையிலான ஏற்ற இறக்கம் உங்களுடையது. அதைத் தாண்டிய பகுதி மட்டும், விலையில் தகட்டின் பங்கான 55 சதவீதத்துக்குப் பொருந்தும். இப்போதைய 12 சதவீத ஏற்றத்தில் 5 போக மீதி 7. 55இல் அது 3.85. விலை 103.85 ஆகியிருக்கும். இறங்கினாலும் இதே கணக்கில் குறைப்பேன் என்றும் எழுதுங்கள். இரு பக்கமும் வெட்டும் வாசகத்தை வாங்குபவர்கள் எளிதில் ஒப்புக்கொள்கிறார்கள். அது நியாயமும்கூட.

அடுத்து டெலிவரி. ‘நான்கு வாரத்தில்’ என்றால் எதிலிருந்து நான்கு வாரம்? ஆர்டர் தேதியிலிருந்தா, முன்பணம் வந்ததிலிருந்தா, அடுக்கின் வரைபடத்தை அவர்கள் ஒப்புக்கொண்டதிலிருந்தா? நான் பார்த்த தாமதத் தகராறுகளில் பல, வாங்குபவர் வரைபடத்தை இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு மீதி இரண்டு வாரத்தில் சரக்கு எங்கே என்று கேட்டதில் பிறந்தவை. முன்பணம், வரைபட ஒப்புதல் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து நாள் எண்ணப்படும் என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

இடத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் பட்டறை வாசலிலா, அவர்கள் கிடங்கு வாசலிலா, லாரியிலிருந்து இறக்கிய பிறகா? அடுக்குகள் கனமானவை, இறக்கும்போது ஒரு கால் வளைந்தால் அது யார் இழப்பு என்பது இந்த ஒரு வரியில் முடிவாகும். பன்னாட்டு வர்த்தகச் சபை வெளியிட்டுள்ள இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளில் இதற்கான சொற்கள் இருக்கின்றன. மொத்தம் 11 விதிகள். அவற்றில் டி.ஏ.பி. என்று எழுதினால் சொன்ன இடம் வரை கொண்டு சேர்ப்பது உங்கள் பொறுப்பு, இறக்குவது அவர்கள் பொறுப்பு. டி.பி.யு. என்றால் இறக்கி வைப்பதும் உங்களுடையது. விற்பவரே இறக்க வேண்டும் என்று சொல்லும் ஒரே விதி அதுதான். அந்த எழுத்துகளோடு இடத்தின் பெயரையும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பழக்கமில்லையென்றால் சாதாரணத் தமிழில் எழுதினாலே போதும். தெளிவுதான் வேண்டும்.

தாமதப் பிடித்தத்தை முற்றிலும் மறுக்க முடியாத வாடிக்கையாளர்களும் இருப்பார்கள். அப்போது மூன்றைக் கேளுங்கள்: முதல் வாரத்துக்குப் பிடித்தம் கிடையாது; தாமதமான அடுக்குகளின் மதிப்பில் மட்டுமே பிடித்தம்; மொத்தம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். உச்சவரம்பு இல்லாத பிடித்தம் வாரா வாரம் வளர்ந்துகொண்டே போகும்.

கடைசியாகப் பணம். ‘மீதி டெலிவரியின்போது’ என்று எழுதியிருக்கிறீர்கள். லாரி அவர்கள் வாசலில் நிற்கிறது, கணக்குப் பிரிவில் கையெழுத்துப் போடுபவர் அன்று விடுமுறை. இறக்குவீர்களா, திருப்பி ஓட்டுவீர்களா? இறக்கத்தான் செய்வீர்கள், அங்கேயே கடன் தொடங்கிவிடுகிறது. சரக்கு தயார் என்று அறிவித்தபின், வந்து பார்த்துவிட்டு, மூன்று வேலை நாளுக்குள், லாரி கிளம்புமுன் மீதி என்று எழுதுங்கள். கடன் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் நாள் எதிலிருந்து தொடங்குகிறது என்பதைச் சொல்லுங்கள். ‘30 நாள்’ என்பதை நீங்கள் பில் தேதியிலிருந்து எண்ணுவீர்கள். அவர்கள் சரக்கைச் சோதித்து முடித்த நாளிலிருந்து எண்ணுவார்கள்; சில நிறுவனங்கள் அந்த மாதக் கடைசியிலிருந்து எண்ணும். ஒரே சொல்லுக்கு மாதக்கணக்கில் வித்தியாசம் வரும்.

இவ்வளவையும் சேர்த்தால் விலைப்புள்ளியின் உடல் இப்படி அமையும். தேதிகளை உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> விலைப்புள்ளி எண் 27 — மே 6
>
> மே 2ஆம் தேதி நீங்கள் கேட்டபடி, இணைத்துள்ள வரைபடம் 4இன்படியான 120 எஃகு அடுக்குகளுக்கு எங்கள் விலை கீழே உள்ளது. வரி இதில் சேரவில்லை. உங்கள் கிடங்கு வரையிலான லாரி வாடகை சேர்ந்துள்ளது.
>
> இந்த விலைப்புள்ளி மே 18, மாலை 5 மணி வரை செல்லும். அதற்குள் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் மேலே உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு வந்து சேர வேண்டும். ஒப்புதல் வருமுன் இதைத் திரும்பப் பெறும் உரிமை எங்களுக்கு உண்டு.
>
> மொத்தத் தொகையில் பாதி ஒப்புதலுடன் முன்பணமாக. மீதி, சரக்கு தயார் என்று நாங்கள் அறிவித்த மூன்று வேலை நாள்களுக்குள், அனுப்பி வைக்குமுன்.
>
> முன்பணம் எங்கள் கணக்கில் சேர்ந்த நாள், வரைபடத்துக்கு உங்கள் ஒப்புதல் கிடைத்த நாள், இரண்டில் பிந்தியதிலிருந்து நான்கு வாரத்துக்குள் சரக்கு தயாராகும். மீதித் தொகை சேர்ந்த இரண்டு வேலை நாள்களுக்குள் உங்கள் கிடங்கு வாசலில் ஒப்படைப்போம். லாரியிலிருந்து இறக்குவது உங்கள் பொறுப்பு.
>
> இந்த நிபந்தனைகளிலிருந்து மாறுபடும் ஆர்டர், நாங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும். ஆர்டர் கிடைத்ததாக அனுப்பும் பதிலோ வேலையைத் தொடங்குவதோ அத்தகைய ஒப்புதலாகாது.

திரும்பப் பெறும் உரிமையைச் சொல்லும் வரியைச் சில வாங்குபவர்கள் விரும்ப மாட்டார்கள். அவர்களும் தம் மேலிடத்துக்கு விலையைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியவர்கள். கெடு 12 நாளாகச் சுருங்கிய பிறகு அந்த வரியை விட்டுக்கொடுப்பதில் உங்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அது இருந்தும் மாறுபட்ட ஆர்டர் வரும். பட்லர் நிறுவனத்தின் தாளிலும் அப்படியொரு வாசகம் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே ஆர்டர் வந்த அன்றே விலைப்புள்ளியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, மாறிய இடங்களை அன்று மாலைக்குள் எழுத்தில் மறுத்துவிட வேண்டும். பட்டறையில் ‘ஆர்டர் கிடைத்தது, நன்றி’ என்று பதில் போடுபவர் யாரோ, அவரிடம் இந்த வேலையையும் ஒப்படையுங்கள்.

அவர்களோடு உங்களுக்கு ஏற்கெனவே ஆண்டு ஒப்பந்தம் அல்லது பொது நிபந்தனைகள் அடங்கிய பழைய பத்திரம் ஏதாவது இருந்தால், நான் மேலே சொன்னதில் சில மாறக்கூடும். உங்கள் கோப்பை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இருந்தால், மின்னஞ்சலை அனுப்புமுன் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் அதையும் இந்த ஆர்டரையும் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.